வலக்கை

நள்ளிரவு 12.40. நான்காம் கட்டில் ஏறாவூர்ப் பெண்ணுக்குப் பன்னீர்க்குடம் உடைந்து நிலமெல்லாம் நனைந்தது. மூன்றாவது பிள்ளை, 38 வாரம். நீர் அதிகம், தலை இன்னும் இறங்கவில்லை. மொனிட்டரில் 140 இல் ஓடிய பிள்ளையின் துடிப்பு 70க்கு விழுந்தது.

சாருமதி கையுறை போட்டுப் பார்த்தாள். கர்ப்பப்பை வாசல் ஆறு சென்றிமீற்றர். தலைக்கு முன்னால் வெதுவெதுப்பாக, முறுக்குக் கயிறு போல, துடித்துக்கொண்டு தொப்புள்கொடி.

"கொடி இறங்கிட்டு மிஸ். தியேட்டருக்குச் சொல்லுங்க, பெரிய டொக்டருக்கும்."

ரெஜிஸ்ட்ராராகச் சேர்ந்து நான்காம் மாதம். இதுவரை கொடி இறக்கத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். கொடியைத் தொட்டுத் திரும்ப உள்ளே தள்ளக்கூடாது. கையாளக் கையாள நாளம் சுருங்கும், குளிர்பட்டாலும் சுருங்கும். தலை கொடியை நசுக்காதபடி இரண்டு விரலால் தலையை மேலே ஏந்தினாள். துடிப்பு 90, பிறகு 110. விரல் கொஞ்சம் தளர்ந்ததும் மறுபடி 80.

தாதி சலப்பைக்குள் கதீற்றர் விட்டு 500 மில்லிலீற்றர் சேலைனை ஏற்றிக் கிளிப் போட்டார். நிரம்பிய சலப்பை தலையை மேலே தூக்கிப் பிடிக்கும். வலியை நிறுத்தத் தேர்புற்றலின் 0.25 மில்லிகிராம் தோலுக்கடியில் போனது. பெண்ணை இடப்பக்கம் சரித்து, இடுப்புக்கடியில் தலையணை வைத்தார்கள்.

"டொக்டர், என்ன நடந்தாலும் கைய எடுத்துராதீங்க."

கையை எடுக்காமலே ட்ரொலியில் முழங்காலிட்டு ஏறினாள். அட்டெண்டன்ட் அண்ணன் தள்ளினார். ஒவ்வொரு வலிக்கும் தலை விரல்களை எலும்போடு நசுக்கியது. பெண் முனகினாள்: "புள்ளைக்கு ஒண்டும் ஆகாதே, டொக்டர்?"

"என்ர கைக்குள்ள புள்ளட துடிப்புத் தெரியுது தங்கச்சி. ஆழமா மூச்சு விடுங்க."

தியேட்டரில் முழு மயக்கம். பச்சைத் துணிக்கடியில் குனிந்தபடி, கையை அப்படியே வைத்திருந்தாள். கத்தி வைக்கும் முன் தாதி கேட்டார்: "சலப்பை?" கிளிப்பைத் திறந்தார்கள். அவசரத்தில் மறந்துபோகிற விஷயம் இதுதான். நிரம்பிய சலப்பையில் கத்தி பட்டுவிடும். 1.03க்கு மேலிருந்து தலை தூக்கப்பட்டபோதுதான் விரல்கள் காலியாயின. பிள்ளை உடனே அழவில்லை. மாஸ்க்கால் காற்று கொடுத்து ஒரு நிமிடம் கழித்து அழுதது. ஐந்தாம் நிமிட அப்கார் பத்துக்கு 9.

வலக்கையின் இரண்டு விரலும் வெளுத்து மடங்கிக் கிடந்தன. சுடுதண்ணீரில் வைத்தாள். உணர்வு வந்தது, பலம் வரவில்லை.

3.50. படுவான்கரையிலிருந்து வந்த பெண், நான்காம் பிரசவம். வலி மெதுவாகி மருந்து ஏற்றிய நீண்ட பிரசவம். அப்படிக் களைத்த கர்ப்பப்பை பிறகு சுருங்க மறுக்கும். 3.9 கிலோப் பிள்ளை, நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது, கிழிவு இல்லை. இருந்தும் கட்டிலுக்கடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை குழைத்த மாவு போல.

மசாஜ். சலப்பையைக் காலியாக்கு. பெரிய கனுலா இரண்டு, குறுக்குப் பொருத்தத்துக்கு இரத்தம். 500 மில்லிலீற்றர் சேலைனில் ஒக்சிடோசின் 40 அலகு, ட்ரனெக்ஸாமிக் அசிட் ஒரு கிராம் பத்து நிமிடத்தில் மெதுவாக. தாதி எர்கோமெட்ரின் குப்பியை எடுக்கவே சாருமதி, "பிரஷர்?" என்றாள்.

"150க்கு 100."

"அப்ப அது வேணாம். மிசொப்ரொஸ்டோல் 800 மைக்ரோகிராம், நாக்குக்கடியில." எர்கோமெட்ரின் பிரஷரை இன்னும் ஏற்றும்.

இரத்தம் ஊறிய துணிகளை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலீற்றர் இரத்தம். 900 தாண்டிவிட்டது. இனி இரு கையாலும் அழுத்துவதுதான்: உள்ளே முஷ்டி, வெளியே மறுகை, நடுவில் கர்ப்பப்பை.

வலக்கையை உள்ளே விட்டாள். முஷ்டி மூடவில்லை. பற்களைக் கடித்து மூடப் பார்த்தாள். விரல்களுக்கிடையால் சூடாக வடிந்தது. இரண்டு தடவை முயன்றாள்.

"மிஸ், என்ர வலக்கை ஏலாது. நீங்க புடிங்க."

தாதி கேள்வி கேட்கவில்லை. கையுறை மாற்றி வந்து இடத்தைப் பிடித்தார். சாருமதி பக்கத்தில் நின்று நாடி, பிரஷர், சொட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆணுறையைக் கதீற்றரில் கட்டிக் கர்ப்பப்பைக்குள் வைத்து நீர் ஏற்றுகிற தட்டையும் தயாராக்கச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் தாதி நிமிர்ந்து பார்த்தார்.

"கெட்டியாகுது, டொக்டர்."

தட்டு பிரிக்கப்படவில்லை. பெரிய டொக்டர் வந்தபோது இரத்தப் பை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, நாடி 104.

விடிந்ததும் அவள் குறிப்பெழுத உட்கார்ந்தாள். மருத்துவிச்சி தன் ஏப்ரனில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டர் துண்டை உரித்து மேசையில் வைத்தார். அதில் நேரம் நேரமாகப் பேனையால் குறித்திருந்தது.

"3.52 ஒக்சிடோசின். 3.55 ட்ரனெக்ஸாமிக்," என்று வாசித்தார் அவர். சாருமதி இடக்கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். 4.01 க்கு எதிரே எழுத்து கோணலாக விழுந்தது: கை மாற்றப்பட்டது, ரெஜிஸ்ட்ராரின் கை தளர்ந்ததால்.

"அதையும் எழுதணுமா, டொக்டர்?"

"ஓம். அடுத்தது சொல்லுங்க."