அம்மாவுக்கு, கேக் வர்றதுக்கு முன்னாடி படிக்க

அம்மா, ஹேப்பி மதர்ஸ் டே. மெசேஜ் இவ்ளோ நீளமா இருக்கேன்னு பயந்துடாத, எனக்கு ஒன்னும் ஆகல, வேலை இருக்கு, காய்ச்சல் இல்ல, ரூம் வாடகை கட்டியாச்சு, காலைல ரொட்டி சானாய் சாப்டேன். இத முதல்லயே சொல்லலன்னா நீ பாதி படிக்கிறப்பவே போன் அடிச்சிடுவ. இன்னிக்கு எனக்கு ட்யூட்டி, உள்ள போனா போன லாக்கர்ல வச்சிடணும், அதனால எல்ஆர்டில உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். எழுத்து பெருசா தெரியலன்னா தம்பிய படிக்க சொல்லு, ஆனா அவன் நடுவுல விட்டுட்டு படிப்பான், கூடவே உக்காந்து பாரு.

மத்தியானத்துக்கு முன்னாடி ஒரு கேக் வரும். சீனி கம்மியா போட சொல்லிட்டேன், இருந்தாலும் உனக்கு ஒரு துண்டுதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு குடு, வேணாம்னு சொல்லல, ஆனா நல்லா இருக்குற பக்கத்த எல்லாருக்கும் வெட்டி குடுத்துட்டு பெட்டில ஒட்டிட்டு இருக்குற க்ரீம நீ வழிச்சு சாப்புடுவ பாரு, அந்த வேலை இன்னிக்கு வேணாம். சேலைக்கு தம்பிகிட்ட காசு அனுப்பிருக்கேன். ஃபெரி ஏறி அந்தப் பக்கம் போயி லிட்டில் இந்தியால நீயே பாத்து எடுத்துக்கோ. விலை சீட்ட திருப்பி பாத்துட்டு "இது வீட்ல கட்டிக்க போதும்"னு நாப்பது வெள்ளி சேலையோட திரும்பி வந்தா நா தீபாவளிக்கு வர மாட்டேன். (வருவேன். ஆனா கோவமா வருவேன்.)

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன்.

போன வாரம் மாமா பையன்கிட்ட குடுத்து விட்ட சாமான் எல்லாம் வந்துச்சு. நெத்திலி, ஊறுகாய், முறுக்கு, அப்புறம் கறித்தூள் ரெண்டு மைலோ டின்ல. டின் மேல மஸ்கிங் டேப் ஒட்டி நீ எழுதிருந்தத ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன் மா. உன் கையெழுத்து எப்பவும் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், நா ஸ்கூல்ல படிக்கிறப்ப டீச்சரே கேட்டிருக்காங்க இது யாரு எழுதுனதுன்னு. இதுல "கோழி"ல இருக்குற ழி டேப்ப தாண்டி டின்னுக்கே போயிருக்கு, "மீன்" மேல புள்ளி வேற எங்கயோ இருக்கு. சரி அவசரத்துல எழுதிருப்பன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை கோழி வாங்கி சமைக்கலாம்னு அந்த டின்ன தொறந்தா பட்டை கிராம்பு வாசமே வரல, அது மீன் தூள். நீ மாத்தி போட்டிருக்க. நீ! மில்லுல இருந்து அரைச்சுட்டு வந்தா நெறத்த பாத்தே எது எதுன்னு தூரத்துல இருந்து சொல்ற ஆளு.

அன்னிக்கே தம்பிகிட்ட கேட்டேன். அவன் மழுப்புனான், நா விடல. அப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு, கிளினிக்ல கண்ணுல புரை இருக்குன்னு சொன்னது, ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் லெட்டர் குடுத்தது, அத நீ சாமி படத்துக்கு பின்னாடி சொருகி வச்சிட்டு "அவகிட்ட சொல்லாத, வேலைய விட்டுட்டு ஓடி வருவா"ன்னு சொன்னது. தம்பிய திட்டாத. நாந்தான் கறந்தேன்.

நீ எத்தன வருஷம் பாயான் லெப்பாஸ் பேக்டரில அந்த மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சிட்டு உக்காந்திருப்ப. விடியறதுக்கு முன்னாடி பேக்டரி பஸ்ஸுக்கு கெளம்பி, பாலம் தாண்டி போயி, முடிய விட மெல்லிசான கம்பி சரியா ஒட்டிருக்கான்னு பாக்குற வேலை. வீட்டுக்கு வந்ததும் கண்ண மூடிட்டு ஈரத் துண்டு போட்டு படுத்திருப்ப, நா போயி ஹோம்வொர்க்க நீட்டுனா அப்டியே எந்திரிச்சு அதையும் பாப்ப. புரை வந்தது அதனாலன்னு நா சொல்ல வரல, வயசானா வர்றதுதான்னு டாக்டரே சொன்னாராம். ஆனா இவ்ளோ பேருக்காக பாத்த கண்ணுக்கு உனக்குன்னு ஒரு நாள் லீவு போட தோணலயா?

உன் சாக்கெல்லாம் தம்பி வரிசையா சொன்னான். சித்ரா பௌர்ணமி முடியட்டும்னியாம். முடிஞ்சிச்சு. பெரியம்மா பேத்தி கல்யாணம் இருக்கு, கண்ணுல கட்டோட எப்டி போறதுன்னியாம். கல்யாணம் ஆகஸ்ட்ல மா, அதுக்குள்ள நீ கண்ணாடி கூட மாத்திருப்ப. அப்பாவுக்கு யாரு சமைக்கிறதுன்னியாம். அப்பா, நீங்களும் இத படிப்பீங்கன்னு தெரியும். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஜோகூர் வரைக்கும் தனியா போயி சாப்டு வந்த மனுஷன் ஒரு வாரம் தாப்பாவ் வாங்கி சாப்புட மாட்டீங்களா?

காசு கத சொல்லாத. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்பெஷலிஸ்ட பாக்க அவ்ளோ ஒன்னும் ஆகாது, ஆப்ரேஷனுக்கு வைக்கிற லென்ஸுக்கு தனியா கேட்டா அத நா பாத்துக்கிறேன். கண்ண மட்டும் மரக்க வச்சு பண்றது, பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் கூட வேலை செய்ற அக்காவோட அம்மாவுக்கு போன வருஷம் பண்ணாங்க, முதல்ல ஒரு கண்ணு, அது ஆறுனதுக்கு அப்புறம் இன்னொன்னு. கட்ட பிரிச்சதும் அவங்க முதல்ல சொன்னது "வீட்டு சுவரு இவ்ளோ அழுக்கா இருக்கா"ன்னுதானாம். நீயும் அதத்தான் சொல்ல போற, சொல்லிட்டு உடனே தொடைக்க எறங்க போற, அதுதான் எனக்கு பயமே. குனிய கூடாது, தலைக்கு தண்ணி ஊத்த கூடாது, அடுப்பு பொகைல நிக்க கூடாது, சொட்டு மருந்து நேரத்துக்கு போடணும்.

அதனால கேளு. தம்பி லெட்டர எடுத்துட்டு போயி டேட் வாங்கிட்டான், அடுத்த மாசம் முதல் செவ்வாய் டாக்டர பாக்கணும். உன்கிட்ட சொல்லாமதான் செஞ்சோம், நீ எங்ககிட்ட சொல்லாம இருந்தல்ல. நா அந்த வாரம் முழுக்க லீவு போட்டாச்சு, ஞாயித்துக்கெழமை காலைல கேஎல் சென்ட்ரல்ல இருந்து இடிஎஸ் ஏறுறேன். புக்கிட் மேரா ஏரி தாண்டுனதும் கால் பண்றேன், அப்ப உலை வச்சா போதும், நீ அஞ்சு மணிக்கே எந்திரிச்சு சமைச்சு மூடி வைக்காத. ஆப்ரேஷன் எப்பன்னு அவங்க சொல்ற தேதிக்கு மறுபடி வருவேன். லீவு போயிடும், போனஸ் போயிடும்னு ஆரம்பிக்காத, லீவு இருக்குறதே இதுக்குத்தான்.

நீ சொல்ல போறது எனக்கு இப்பவே கேக்குது. "எனக்கு ஒன்னும் இல்ல, நல்லாதான் தெரியுது." நல்லா தெரிஞ்சா கோழி டின்ல மீன் தூள் எப்டி போச்சு, அதுக்கு மட்டும் பதில் சொல்லு. (அந்த மீன் தூள்லயே கோழி வச்சேன், ரூம்மேட்டு ரெண்டு தடவ சோறு போட்டு சாப்டா, அது வேற விஷயம்.)

ஸ்டேஷன் வந்துடுச்சு மா. ஏழு மணிக்கு மேல கால் பண்ணு. ப்ளூ டிக் மட்டும் விழுந்து, பதிலுக்கு நீ அந்த ரோஜாப்பூ குட் ஈவ்னிங் படத்த அனுப்புனன்னா நேரா அப்பா போனுக்கு அடிப்பேன். லவ் யூ மா. கிளினிக் கார்டையும் ஐசியையும் எடுத்து லெட்டரோட ஒரே கவர்ல போட்டு வை, கவர தம்பி கைல குடுத்துடு, சாமி படத்துக்கு பின்னாடி திருப்பி வைக்காத.