புதுக் கணக்கு மென்பொருளுக்கு மாறும் திட்டம்: 2026 பிப்ரவரி 28 முதல் மார்ச் 2 வரை

ஆத்தங்குடி பட்டறைக்கும் காரைக்குடி கடைக்கும் இந்த ஒரே தாள்தான். ஜனவரி கடைசியில் மாறலாம் என்று முதலில் பேசினோம். பிப்ரவரி 1 தைப்பூசம், நம் ஆட்களில் பாதிப் பேர் பழனிக்கு நடந்து போய்விடுவார்கள் என்பதால் தள்ளி வைத்தோம். பிப்ரவரி 28 சனிக்கிழமை, மாதக் கடைசியும்கூட. பிப்ரவரி ஜிஎஸ்டி முழுக்கப் பழையதிலிருந்து போகும், மார்ச் புதியதிலிருந்து.

சனி: பழையதைப் பூட்டுவது

மாலை 5 மணிக்குக் கடைசி பில். அதற்கு மேல் வருகிறவர்களிடம் ஆர்டரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்க வேண்டாம், லோடு ஏற்ற வேண்டாம். 6 மணிக்குக் கணக்குப்பிள்ளை அண்ணன் உட்பட எல்லோருக்கும் பார்க்கும் அனுமதி மட்டுமே இருக்கும். பேக்கப் இரண்டு பிரதி. ஒன்றை வேறொரு கணினியில் திறந்து, ஐந்தொகை வருகிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குப் போகிறோம்.

ஞாயிறு: இருப்பு ஏற்றுவது

காலை 7 மணிக்குக் கல் எண்ணிக்கை. தண்ணீர்த் தொட்டியில் கிடப்பது, காய்ந்தது, பில் போட்டும் எடுத்துப் போகாதது என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவது நம் சரக்கு இல்லை.

அளவில்தான் எனக்குப் பயம். பழையதில் எண்ணிக்கை, புதியதில் சதுர அடி. பன்னிரண்டு அங்குலக் கல்லுக்கு இரண்டும் ஒன்று, அதனால் தப்பு கண்ணில் படாது. பத்து அங்குலக் கல் 1,440 இருந்தால் 1,000 சதுர அடிதான். ஒத்திகையில் 1,440 என்றே ஏற்றிவிட்டோம்; சரக்கு மதிப்பு எகிறியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பத்து அங்குல வரிகளை நானே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

வரவேண்டிய பாக்கியைப் பில் வாரியாக ஏற்ற வேண்டும், ஆளுக்கு ஒரு மொத்தத் தொகையாக அல்ல. வீடு கட்டுகிறவர்கள் கொடுத்த முன்பணம், தேதி வராத காசோலைகள், சிமெண்ட் கடைக்குத் தரவேண்டியது எல்லாம் அப்படியே.

புது பில் வரிசை `KKD/N/0001`. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், இதில் 10 தான்.

எப்போது பழையதற்குத் திரும்புவோம்

ஞாயிறு மாலை 6 மணிக்குள் ஐந்தொகை பைசா சுத்தமாக ஒத்துவராவிட்டால், பாக்கிப் பட்டியலில் ஒரு பெயராவது விடுபட்டால், அல்லது வரி சரியாக விழுந்த மாதிரி பில் அச்சாகாவிட்டால் திரும்புகிறோம். வித்தியாசத்தைச் சஸ்பென்ஸில் போட்டுச் சமாளிக்க வேண்டாம். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குள் இரண்டு பெரிய தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடக்கலாம்.

திங்கள் மதியம் 1 மணி கடைசிக் கெடு. கடையில் அரை மணி நேரம் தொடர்ந்து பில் போட முடியாமல் போனாலும் திரும்புவோம். அதற்குள் புதியதில் போட்ட பில்களை ரத்து செய்யாமல், அதே எண்ணோடு பழையதில் பதியுங்கள். வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாள் மாறக் கூடாது.

முடிவு முதலாளி ஆச்சியுடையது. ஞாயிறு 6 மணிக்கு நானும் கணக்குப்பிள்ளை அண்ணனும் அவர்கள் வீட்டு முகப்பில் இரண்டு ஐந்தொகைத் தாள்களோடு இருப்போம்.