விடைத்தாளைக் கொடுக்கும் முன்

பெற்றோர்களே, வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் அரையாண்டு விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வரும். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

1998-இல் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற உளவியலாளர்களின் ஆய்வு வெளியானது. புதிர்களுக்கு விடை கண்ட குழந்தைகளில் சிலரை “நீ புத்திசாலி” என்றும், சிலரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். அப்புறம் கடினமான புதிர்கள் கொடுத்தார்கள். எல்லோரும் தடுமாறினார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் விடாமல் முயன்றார்கள். புத்திசாலி எனப்பட்டவர்கள் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். என்னை மிகவும் வருத்தியது அதுதான். பட்டத்தைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது!

இன்று உங்கள் பிள்ளை, “இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை” என்றால், அந்த உண்மையை முதலில் பாராட்டுங்கள். எப்படி முயன்றாய் என்று கேளுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் பேசலாம்.

நன்றி. வகுப்புவாரியாக வாருங்கள்.