நம் இதழ்க் களஞ்சியம் திறந்தது: யார் யார் என்னென்ன செய்தீர்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் திறந்த நம் இதழ்க் களஞ்சியம், இதை எழுதும் திங்கள்கிழமை மாலை வரை ஒரு தடவைகூட நிற்காமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. 1961 முதல் 2020 வரை மாதம் தவறாமல் வந்த 720 இதழ்கள், ஏறத்தாழ 46,000 பக்கங்கள், இனி பதிவறைக் கதவுக்குப் பின்னால் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் தம் தந்தையின் கதையைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். சிங்கப்பூர், கோலாலம்பூர், டொராண்டோ என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன.

நிர்வாக இயக்குநரின் பாராட்டுக் கடிதம் சனிக்கிழமை என் பெயருக்கு வந்தது. அன்றே பதில் எழுதி, அந்தப் பாராட்டு யார் யாருக்கு எதற்காகச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு பக்கக் கடிதத்தில் அடங்கியது குறைவு. “குழுவினர் அனைவருக்கும் நன்றி” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களில் ஒருவர் செய்தது இன்னொருவருக்கே முழுதாகத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

மாரியப்பன் ஐயாவிடமிருந்து தொடங்குவதுதான் முறை. பழைய தாளை எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்ற பேச்சு எழுந்த காலத்தில், ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதிகளைத் தனியே கட்டி, இடையிடையே வசம்புத் துண்டு வைத்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தவர் அவர். யாரும் செய்யச் சொன்ன வேலை அல்ல அது. இராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருக்க வேண்டிய அறுபதுகளின் இதழ்கள் நம் கைக்கு முழுதாக வந்தது அதனால்தான். அப்படியும் சில இதழ்கள் குறைந்தபோது, காரைக்குடியில் பழைய முகவர் ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும் என்று நினைவிலிருந்து சொன்னார். நேரில் போய், தேடி, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். ஐயா, தளத்தில் விடுபட்ட இதழ் என்று ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் நீங்கள்.

அந்தத் தாள்களைக் கையாண்டவர் செல்வி. செய்தித்தாள் வகைத் தாளில் அமிலம் அதிகம். ஆண்டாக ஆகப் பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்துவிடும். பைண்டு செய்த தொகுதிகளில் உள்விளிம்பு எழுத்துகள் தையலுக்குள் மறைந்திருந்தன. பிரித்துவிட்டால் வேகமாக ஸ்கேன் செய்யலாம் என்று வெளியார் பலர் யோசனை சொன்னார்கள். செல்வி மறுத்தார். தொகுதியை முழுதாக விரிக்காமல், இரு பக்கமும் தாங்கி வைத்து மேலிருந்து படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். துருப்பிடித்த பின்களை மட்டும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தார். மெதுவான முறைதான், அதற்காக அவரைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. இன்று படமும் இருக்கிறது, தொகுதிகளும் உடையாமல் அப்படியே இருக்கின்றன. அந்தப் பிடிவாதத்துக்கு இந்த நிறுவனம் நெடுநாள் கடமைப்பட்டிருக்கும்.

பாத்திமா அக்காவின் மெய்ப்புக் குழுவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இருக்கும்போது திருத்த என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள், முதல் சுற்றில் வந்த பக்கங்களைப் பார்த்திருக்க வேண்டும். காலும் ரகரமும் மாறி “மரம்” “மாம்” ஆகியிருந்தது. மை மங்கிய பக்கங்களில் புள்ளிகள் உதிர்ந்து மெய்யெல்லாம் உயிர்மெய் ஆகியிருந்தன. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முந்தைய இதழ்களில் தும்பிக்கை வைத்த பழைய லை, னை வடிவங்களும், சேர்த்து எழுதிய பழைய ணா, றா, னா வடிவங்களும் நிறைந்து கிடந்தன. மென்பொருள் அவற்றைக் கண்டு திணறியது. அக்கா ஒரு காரியம் செய்தார். கண்ணில் பட்ட பிழையை மட்டும் திருத்திக்கொண்டு போகாமல், எந்தப் பிழை எந்தக் காலத்து இதழில், எந்த அச்செழுத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். அந்த நோட்டை வைத்துத்தான் பிறகு பிழைகளைக் கூட்டமாகப் பிடிக்கும் விதிகளை எழுத முடிந்தது. மீதி வேலை கண்ணால்தான்.

அதில் ஒன்று என் மனத்தில் நிற்கிறது. ஒரு தொடர்கதையின் நாயகி பெயர் கௌரி. இந்தப் பெயரில் வரும் ஔகாரக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பாதிப் பக்கங்களில் “கெளரி” என்று ளகரம் போட்டுப் பதிவாகியிருந்தது. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடினால் பாதிக் கதை வராது. இதைக் கண்டுபிடித்தவர் நிவேதா. பயிற்சிக்கு வந்த மாணவி, வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கதையை விரும்பிப் படித்தவர், தேடலில் சில அத்தியாயங்கள் மட்டும் வராமல் போவதைக் கவனித்துக் கேட்டார். அந்தக் கேள்வியால் சௌந்தரம், மௌனம், கௌரவம் என்று தொகுப்பு முழுவதும் சரியானது. நிவேதா, சந்தேகம் வந்தபோது தயங்காமல் கேட்டாயே, அதற்கு என் தனி நன்றி.

தேடலைக் கட்டியது தமிழரசன். “ஆறு” என்று தேடுகிறவருக்கு “ஆற்றில்”, “ஆற்றங்கரை” எல்லாம் வர வேண்டும். “மரம்” என்றால் “மரத்தை”, “மரங்கள்” இரண்டும் வர வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடலில் இது நடக்காது. வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் கழற்றி வேர்ச்சொல்லுக்குப் போகும் விதிகளைத் தமிழரசன் எழுதினார். அதற்காகப் பள்ளி இலக்கண நூலை மறுபடியும் எடுத்துப் படித்தார். “ஆறு” என்ற எண்ணும் “ஆறு” என்ற நதியும் ஒன்றாக வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று அவரும் பாத்திமா அக்காவும் நடத்திய விவாதங்களை மதிய உணவு வேளையில் நாம் எல்லோரும் கேட்டோம். இன்னொரு வேலை யார் கண்ணுக்கும் படாதது: “கொ” என்பதில் வரும் ஒகரக் குறி, கணினியில் சில இடங்களில் ஒரே குறியீடாகவும் சில இடங்களில் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். அவை அனைத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேடல் நம்பத்தக்கதானது.

ஜெபாவின் பங்கு தொண்ணூறுகளிலிருந்து தொடங்குகிறது. கணினியில் அச்சுக்கோத்த அந்தக் கால இதழ்களுக்கு மூலக் கோப்புகளே இருந்தன. ஆனால் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனி விசைமுறை, தனிக் குறியீடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுக் குறியீடுகள் முடிவான பிறகும் நம் அச்சகம் பழைய எழுத்துருக்களைத்தான் பயன்படுத்திவந்தது. ஒரே பக்கத்தில் தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று, விளம்பரத்துக்கு இன்னொன்று. எழுத்துருவின் பெயரே தெரியாத கோப்புகளில், அச்சான பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணை போட்டார் ஜெபா. அந்த ஆண்டுகளின் இதழ்களில்தான் பிழை மிகக் குறைவு.

லலிதா அக்கா இல்லாமல் வெள்ளிக்கிழமை நாம் எதையும் திறந்திருக்க முடியாது. எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை படைப்பின் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு இருக்கிறது. வெளியிலிருந்து எழுதியவர்களின் கதைகளும் கவிதைகளும் நம் இதழில் வந்தன என்பதற்காக நம்முடையவை ஆகிவிடாது. பழைய சன்மானப் பேரேட்டில் இருந்த முகவரிகளை வைத்துக்கொண்டு, அக்கா வீடு வீடாகக் கடிதம் எழுதினார். பல வீடுகளில் பேரன் பேத்திகளுக்குத் தாத்தா கதை எழுதினார் என்பதே தெரியவில்லை. அவர்களுக்கு அந்தப் பக்கத்தின் நகலை முதலில் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் அனுமதி கேட்டார். அனுமதி வராத படைப்புகளின் இடத்தில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் தெரியட்டும், உள்ளடக்கம் வேண்டாம் என்று அவர் எடுத்த நிலை சரியானது. சனிக்கிழமை முதல் சில குடும்பங்கள் தாமாகவே முன்வந்து அனுமதி தருகின்றன என்றால், அந்த நிலைப்பாடு பெற்றுத் தந்த நம்பிக்கைதான் காரணம்.

வித்யாவின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய பக்கத்தின் படமும் திருத்திய எழுத்தும் பக்கத்தில் பக்கமாக நிற்பது. கைபேசியில் விரலால் ஒருமுறை தள்ளினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போய்விடலாம். எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் அறுபது வயது வாசகரை மனத்தில் வைத்து முடிவு செய்தார்.

சுந்தர், நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து இந்தத் தளத்தின் தரம் மாறியது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மூலம் ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டுக் கேட்டுச் சோதித்தீர்கள். இரண்டு பத்தி அமைப்பில் இடப்பத்தியின் முதல் வரியையும் வலப்பத்தியின் முதல் வரியையும் சேர்த்துப் படிக்கும் கோளாறு பார்வையுள்ள எங்களில் ஒருவருக்கும் தெரியவே தெரியாது. நீங்கள் ஒரு சிறுகதையை அப்படியே எங்களுக்கு ஒலிக்கவிட்டீர்கள். அறையில் யாராலும் கதையைப் பின்தொடர முடியவில்லை. அன்று மாலையே பத்தி வரிசையைச் சரிசெய்யும் வேலை தொடங்கியது. பார்வையற்ற வாசகர் ஒருவர் ஒரு முழு இதழையும் அட்டை முதல் அட்டை வரை தாமே படித்ததாக ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் உங்களுக்கு உரியது, அனுப்பிவைத்திருக்கிறேன்.

கதிர் பற்றிச் சுருக்கமாகத்தான் எழுத முடிகிறது, ஏனென்றால் அவர் வேலை நன்றாக நடந்தால் சொல்ல ஒன்றும் இருக்காது. அதிகம் பார்க்கப்படும் பக்கங்களை முன்கூட்டியே தயாராக வைத்தது, பெரிய படங்களைப் பார்வைக்கு வந்த பிறகு மட்டும் இறக்கியது, எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்தது என எல்லாம் அவருடைய திட்டம். வெள்ளிக்கிழமை முதல் மணிநேரத்தில் கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெருகியபோதும் சர்வர் அசையவில்லை. கதிரின் மனைவிக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த இரவுகளின் சுமையில் பாதி அவர் தோளில்தான் இருந்தது.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். சனி, ஞாயிறுகளில் வேலை பார்த்த எல்லோருக்கும் ஈடு விடுப்பு உண்டு. அதை இந்த மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியை நானாகக் குறிக்க மாட்டேன். வியாழக்கிழமை மதியம் எல்லோருக்கும் அலுவலகத்தில் சாப்பாடு. மாரியப்பன் ஐயா அன்று கட்டாயம் வர வேண்டும். வாசகர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளின் பட்டியலை அடுத்த திங்கள்கிழமைதான் எடுப்போம், அதுவரை யாரும் திறக்க வேண்டாம்.

தளத்தின் “எங்களைப் பற்றி” பக்கத்தில் உங்கள் எல்லோருடைய பெயரும், செய்த வேலையும் வருகின்றன. நிவேதாவின் பெயரும் மற்றவர்களோடு அதே வரிசையில்தான் வரும். தலைப்பெழுத்தைத் தமிழில் எப்படிப் போட வேண்டும், ஊர்ப் பெயர் சேர்க்க வேண்டுமா என்பதை நாளை மாலைக்குள் வித்யாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
மீனாட்சி
திட்டப் பொறுப்பாளர், இதழ்க் களஞ்சியம்
மதுரை