கோழி கூப்பிடற நேரம்

கோயமுத்தூர் விடுதிக்கு வந்த புதிதில் பூபதிக்குச் சாப்பாடும் ஒத்துக்கொண்டது, கூட்டமும் ஒத்துக்கொண்டது. விடியற்காலை நாலு மணியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மூலனூருக்கு மேற்கே, கிளுவை வேலியும் கொறங்காடுமாகக் கிடக்கிற ஊர் அவனுடையது. மழையை நம்பின பூமி. கையில் காசு புரள்வது மூன்று சிந்து மாடுகளால்தான். கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. கூடிய பிறகும் அந்தக் கையில் பால் பீச்ச வலுவில்லை. அன்றிலிருந்து பூபதிதான் பீச்சினான். அப்போது அவன் எட்டாம் வகுப்பு. ஆறரைக்கெல்லாம் சொசைட்டியில் கேனை மூடிவிடுவார்கள். அதனால் கோழி கூப்பிடும்போதே எழுந்து, சாணி வழித்து, தவிடு கலக்கி வைத்து, மடி கழுவி உட்கார்ந்தால்தான் சரியாக இருக்கும். உடம்பு அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டுவிட்டது. எழுப்ப ஆளும் வேண்டாம், அலாரமும் வேண்டாம்.

விடுதி அறையில் நாலு கட்டில். ஒருவன் தாளவாடி, ஒருவன் ஆனைமலை, ஒருவன் பவானி. ஏழு மணிக்கு முன்னால் யாரும் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். லைட் போட்டால் திட்டு விழும். பூபதி கண்ணைத் திறந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பான். கை சும்மா இருப்பது என்னவோபோல் இருந்தது.

ஒரு நாள் எழுந்து கீழே போனான். மெஸ் வராண்டாவில் டியூப்லைட் எரிந்தது. மெஸ் மாஸ்டர் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஏந்தம்பி, தூக்கம் வரலியா?"

"முழிச்சுட்டேனுங்க."

"அப்பப் புஸ்தகத்த எடுத்துட்டு வந்து உக்காரு. லைட்டு எப்படியும் எரியுது."

அப்படித்தான் ஆரம்பித்தது. பூபதி பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவன். பி.எஸ்ஸி. கணிதத்தில் எல்லாமே இங்கிலீஷ். வகுப்பில் பேராசிரியர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பான். பாதி புரியும், மீதி காதோடு போய்விடும். இந்த வராண்டாவில்தான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தான். டிக்‌ஷ்னரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மூன்று தடவை படிப்பான். மூன்றாவது தடவையில் இங்கிலீஷ் விலகி, அடியில் கணக்கு தெரியும். தெரிந்தபின் அது அவனுக்குப் பழகின கணக்குதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சாக்பீஸால் போட்ட அதே தொகையீடு. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மூளை போதாமல் போவதில்லை. இப்படி அரவமில்லாத ஒரு மணி நேரம்தான் கிடைப்பதில்லை. அவனுக்குக் கிடைத்தது.

முதல் இன்டர்னலில் அவன்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருக்கலாம். விடியற்காலையில்தான் வீட்டில் எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று காத்திருந்து அஞ்சு மணிக்குக் கூப்பிட்டான். அம்மா எடுத்தாள். பின்னால் தங்கச்சி கோகிலாவின் குரல் கேட்டது. "நில்லு... அட நில்லுடி, வாளிய ஒதைக்காத."

"ஏம்மா, பாப்பாவா பால் பீச்சுது?"

"ஆமாங்கண்ணு, வேற ஆரு?"

"அப்பா பாத்துக்கறேன்னாரே?"

அம்மா சட்டென்று பதில் சொல்லவில்லை. "அவிய ராத்திரி எண்ணெ மில்லுல வாட்ச்மேனா நிக்கறாங்க. உன்ற ஆஸ்டல் பணத்துக்கு. வூட்டுக்கு வர ஏழு மணி ஆயிருது" என்றாள்.

மார்க் விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்தான். புத்தகம் திறந்தபடி கிடந்தது. கோகிலா பன்னிரண்டாம் வகுப்பு. அவனைவிடக் கணக்கில் கெட்டி. அவன் பத்தாவது படிக்கையில் ஒன்பதாவதில் இருந்தவள், அவன் கணக்கைத் தலைகீழாக எட்டிப் பார்த்து விடை சொல்லுவாள். இந்த ஒரு மணி நேரம் யாருடைய புத்தகத்திலிருந்து எடுத்து அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் புறப்பட்டான். அம்மாவுக்கென்று சிறுவாணித் தண்ணீரை ரெண்டு பெரிய பாட்டிலில் பிடித்துக்கொண்டான். ஊரில் போர் தண்ணீர் உப்பு. பருப்பு எவ்வளவு வெந்தாலும் கடக்கு முடக்கென்று நிற்கும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் தாராபுரம் வண்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தபோது அப்பாவிடம் என்ன பேசுவதென்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அடுத்த நாள் விடியலில் வாளியை அவன் எடுத்துக்கொண்டான். கோகிலா பக்கத்தில் நின்றாள். அவள் பெருவிரல் கணு வீங்கிக் காய்த்திருந்தது. விரலை மடக்கிப் பீச்சுகிறாள், யாரும் சொல்லித் தரவில்லை.

"காலாண்டு மார்க் எவ்வளவு பாப்பா?"

"கொஞ்சம் கொறஞ்சுது. மொதப் பீரியடு தூக்கம் வந்துருது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ என்ன, பஸ் ஏறி வந்து பீச்சிட்டுப் போவியா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அம்மா சிறுவாணித் தண்ணீரில் அரிசியும்பருப்பும் ஆக்கினாள். பருப்பு பூவாக வெந்துவிட்டதென்று ரெண்டு தடவை சொன்னாள். அப்பா சாப்பிட்டு முடித்து, வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கப்பா, பாப்பாவ அடுத்த வருசம் எங்க சேக்கறதுங்க?"

"எங்க சேக்கறது? பனியன் கம்பெனி வண்டி நம்ம ஸ்டாப்புக்கே வருது. ரெண்டு வருசம் போனான்னா கல்யாணத்துக்கு ஆச்சு. உனக்கும் பணங் கட்டோணுமில்ல சாமி."

"எனக்குக் கட்ட வேண்டாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க ஆஸ்டல் பசங்க முகூர்த்த நாள்ல கேட்டரிங் போறாங்க. மண்டபத்துல பரிமாறுனா ஒரு நாளைக்கு 500 ரூபா. சனி ஞாயிறுதான். நானும் பேரு குடுத்துட்டேனுங்க. அந்தப் பணத்த மாசாமாசம் அனுப்பறேன். பக்கத்து ஊர்ல வண்டியில போயி வூடு வூடா மாடு பீச்சிக் குடுக்கறாரே ஒருத்தரு, அவரக் காலையில நேரத்துக்கு வரச் சொல்லுங்க. பாப்பா அந்த நேரம் படிக்கட்டுங்க."

"நம்ம மாட்டப் பீச்ச ஊரான் வரோணுமா?" என்றார் அப்பா. மாடு வைத்திருக்கிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை. அவருடைய அப்பாரு காலத்தில் காங்கயம் காளைகள் கட்டியிருந்த கட்டுத்தரை அது. பூபதிக்கும் அது தெரியும். அதனால் உடனே பதில் சொல்லாமல் நின்றான்.

அப்புறம் சொன்னான். "பாப்பா என்னையவிட நல்லாக் கணக்குப் போடுமுங்க. அது உங்களுக்கும் தெரியுமுங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வெகு நேரம் பேச்சில்லை. கடைசியில் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்புள்ள, அந்தப் பால் பீச்சறவன் நம்பரு உங்கிட்ட இருக்குதா?"

"இருக்குதுங்க" என்று அம்மா வேகமாகச் சொன்னாள்.

"மாட்டுக்கு எவ்வளவு கேக்கறான்னு விசாரி. கொம்பு மாடு புது ஆளுகளச் சேத்தாது. ஒரு வாரம் பாப்பா பக்கத்துல நிக்கட்டும்."

திரும்பிப் போகிற நாள் கோகிலா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். தாராபுரம் பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவன் பையை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க காலேஜ்ல கணக்குக்கு கட் ஆஃப் எவ்வளவு வந்துதுன்னு கேட்டுச் சொல்றியா?"

"சொல்றேன்."

"பொண்ணுக ஆஸ்டலுக்கு எவ்வளவுன்னும் கேளு. நாளைக்கே கேளு, மறந்துறாத."

"நாலு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"அஞ்சு மணிக்குக் கூப்பிடு. நாலு மணிக்கு நான் படிச்சிட்டு இருப்பேன்."