மூணு சுழி

‘9ஆம் பெட்டி. ராணி அறை இல்லை. ராணி’ என்று வந்து, அதன் பிறகு ஒரு சொல். பிறகு ‘பார்க்கணும்’. அந்த ஒற்றைச் சொல்லில் ஜெயாவின் கை நின்றது.

அதுவரை அப்பாவின் டைரியில் 211 பக்கம் தட்டி முடித்திருந்தாள். அப்பா மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் தேனீ வளர்ப்பு படித்தவர். அருமனைக்கு மேலே ரப்பர் விளைகளில் பெட்டி வைத்தார். பெரும்பாலும் பெட்டி திறக்கிற நாளில்தான் டைரி எழுதினார். கொல்லம் ஆண்டு, தமிழ் மாசம், தேதி. எத்தனை சட்டத்தில் அடை, எத்தனை குப்பி தேன், எறும்பு ஏறியதா, அந்துப்பூச்சி விழுந்ததா. வீட்டு விஷயம் அபூர்வம். ஜெயா பிறந்த நாளில்கூட ‘பெட்டி திறக்கல்ல’ என்றுதான் இருந்தது.

முதல் பத்துப் பக்கம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. 1956 நவம்பர் வரை அந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்துவிட்டுப் பிறகு தமிழுக்கு வந்தவர். எழுத்தெல்லாம் உருண்டை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கமே கிடையாது. காலும் ரகரமும் ஒரே கோடு. 1978இல் எழுத்து மாறிய பிறகும் லை, ளை, னை எல்லாம் பழைய துதிக்கையோடுதான் எழுதினார். வருசத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳. மேலே சொன்னதே திரும்பினால் ௸.

ஆகவே ஜெயா ஒரு எழுத்துப் பட்டியல் போட்டாள். ஐயமில்லாமல் வாசிக்க முடிந்த சொற்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் போட்டோவாக வெட்டி, அகர வரிசையில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மாதிரி வைத்துக்கொண்டாள். வாசிக்க முடியாத இடத்தில் சதுர அடைப்பு. உள்ளே எத்தனை எழுத்து இருக்கும் என்று எண். ஊகித்து எழுதினால் அடைப்புக்குள் கேள்விக்குறி. அப்பா பிழையாக எழுதியிருந்தால் பிழையாகவே. தன் சொல் ஒன்றும் உள்ளே போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். 211 பக்கத்தில் இருந்த முப்பத்தெட்டு அடைப்பும் பின்னால் வந்த பக்கங்களை வைத்து ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. இது தீரவில்லை.

1167 மாசி 12. ஆங்கிலக் கணக்கில் 1992 பிப்ரவரி கடைசி.

அந்த வருசம் என்ன நடந்தது என்று டைரி வாசிக்காமலே அவளுக்குத் தெரியும். தென்னாட்டுத் தேனீப் பெட்டிகளைப் பைப்புழு நோய் துடைத்துப்போட்ட காலம். ஆவணியில் அப்பாவிடம் 64 பெட்டி. ஐப்பசியில் எழுதுகிறார்: ‘புழு தலை தூக்கிக் கிடக்கு. ஈர்க்கில் வச்சு எடுத்தால் தண்ணிப் பை.’ கார்த்திகையில் 40. மார்கழியில் 22. வைரஸுக்கு மருந்து கிடையாது. செத்த கூட்டின் அடையை வெளியே விட்டால் மற்ற ஈ அதில் மிச்சத் தேனைத் திருட வரும்; நோயையும் எடுத்துப்போகும். அதனால் அப்பா அந்தியானதும் குழி வெட்டி எரித்தார். மெழுகு எரிகிற மணம் நல்ல மணம்தான். பத்து வயது ஜெயா குழிக்கரையில் நின்று, “ராணியையுமாப்பா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

மாசியில் 3 பெட்டி. அதில் ஒன்று இந்த ஒன்பதாம் எண்.

சொல்லின் மேல் சீனிப்பாகு சொட்டியிருந்தது. நலிந்த கூட்டுக்குப் பாகு வைத்த கையோடு எழுதியிருக்கிறார். இங்க் பேனா, மை கரைந்து ஓடிவிட்டது. பாகின் ருசிக்கு வந்த ராமபாணப்பூச்சி முதல் எழுத்தின் இடப்பக்கத்தைச் சுரண்டித் தின்றிருந்தது. எதிர்ப்பக்கம் ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் தாளின் மேல்தோல் மையோடு உரிந்து வந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்திலிருந்து நகத்தளவு நகத்தளவாகச் செருகி, ஒரு மாலை முழுக்கச் செலவழித்துப் பிரித்தாள்.

போட்டோ எடுத்துச் சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்துப் பார்த்தாள். அதில் நீல மை கறுப்பாக நிற்கும், பாகின் பழுப்புக் கறை வெளிறிப்போகும். நாலு எழுத்துப் போலத் தெரிந்தது. முதலாவதில் ககரத்தின் உடல். இரண்டாவதில் சுழிகள் போலத் தெரிந்தது, வெறும் கறையாகவும் இருக்கலாம்; சுழிதான் என்றால் இரண்டா மூன்றா என்று சொல்ல முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் மை ஒற்றியிருந்தது. அதை இடவலமாகத் திருப்பியபோது மூன்றாவது எழுத்தில் நிமிர்ந்த கோடு ஒன்று கிடைத்தது. டகரத்தின் முதுகாக இருக்கலாம். னகரத்தின் வலது காலாகவும் இருக்கலாம்.

பட்டியலை வைத்துப் பார்த்ததில் மூன்று சொல் பொருந்தின. கொன்னேன். கூட்டில. கூண்டில.

ரெண்டு சுழி என்றால் ராணி செத்தாள். மூணு சுழி என்றால் கூண்டில் இருக்கிறாள். கூட்டில என்றால் சும்மா பார்த்துவிட்டு மூடினார்.

முதல் பார்வையிலேயே அவளுக்கு மூணு சுழி தெரிந்தது. தெரிந்த வேகம்தான் அவளைப் பயமுறுத்தியது. கண் அதைத் தேடிக்கொண்டு போயிருக்கிறது. சுழியை அப்பாவின் ணகரங்களோடு அளந்து பார்த்தாள். ண ஏழு மில்லிமீட்டர், ன ஐந்து. கறைக்குள் இருந்தது ஆறு.

தம்பி ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். அப்பாவின் முதல் ஆண்டு நினைவுக்கு இருபது பிரதி அச்சடிக்க வேண்டும், நாகர்கோவில் அச்சகத்தில் தேதி சொல்லியாகிவிட்டது.

“அக்கா, ஒரு சொல்லுதானே? மூணு புள்ளி வச்சு விட்டிரு. யாரு பாக்கப் போறா?”

“புள்ளி வச்சா அப்பா ஒண்ணும் எழுதல்லேன்னு ஆயிரும்லே.”

ஞாயிற்றுக்கிழமை களியலுக்குப் பஸ் ஏறினாள். அங்கே செல்லையா மாமா இருக்கிறார், எண்பத்திரண்டு வயது. அப்பாவும் அவரும் ஒரே லாரியில் பெட்டி ஏற்றி ரப்பர் தளிர்க்கிற இடமெல்லாம் போனவர்கள். இப்போதும் திண்ணையோரம் நாலு பெட்டி வைத்திருந்தார். கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை, எறும்புக்கு.

போட்டோவை அவர் பார்க்கவே இல்லை. “கண்ணு புடிக்கல்ல மக்ளே. நீ வாசி. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் உள்ளத வாசி.”

வாசித்தாள். மாசி 20: ‘9. முட்டை இல்லை. புழு இல்லை. மூடின அறை மட்டும்.’ பிறகு ஒரு வாரம் எழுத்தே இல்லை. மாசி 27: ‘காய்ச்சல் மாறிச்சு. 9. முட்டை உண்டு. அறைக்கு ஒண்ணு.’

மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினார்.

“முட்டை மூணு நாளு, புழு அஞ்சு நாளு. எட்டாம் நாளு எல்லாம் மூடியாச்சுன்னா பன்னெண்டாம் தேதியோட முட்ட நின்னிருக்கு. அப்ப ராணி அடையில நடக்கல்ல. கூட்டிலங்கது போச்சு.”

“கொன்னிருந்தா?”

“கொன்னா ஈ சும்மா இருக்குமா? சின்னப் புழுவ எடுத்துப் புது ராணி அறை கெட்டும். அது வெளிய வரவே பன்னெண்டு நாளு ஆவும். பொறவு பறந்து, எண சேந்து, வயறு எறங்கி முட்ட வைக்க ஒரு வாரத்துக்கு மேல. இருவது நாளுக்குக் கொறையாது. இவன் எந்தத் தேதி முட்ட கண்டான்?”

“இருபத்தேழு.”

“பதினஞ்சு நாளு.” சற்று நேரம் பேசாமல் இருந்தார். “முன்னாலயே மூடின ராணி அறை ஒண்ணு இருந்திருந்தா சீக்கிரம் வந்திரும். அப்ப கணக்கு ஒக்காது.”

“ராணி அறை இல்லைன்னு அன்னைக்கே எழுதியிருக்காரு மாமா.”

“எழுதுவான். நம்ம ஈ இருக்கே, ராணி போன வாரத்திலேயே வேலக்கார ஈயும் முட்ட வைக்க எறங்கிரும். அது கண்டமேனிக்கு, ஒரு அறைக்கு மூணு நாலு வைக்கும். இவன் அறைக்கு ஒண்ணுன்னுல்லா எழுதியிருக்கான். அது ராணிக்க முட்ட. பழைய ராணி.”

கூண்டு எதற்கு என்றும் அவரே சொன்னார். நோய் புழுவைத் தின்று வளர்கிறது. தாதி ஈ செத்த புழுவைச் சுத்தம் செய்த வாயாலேயே அடுத்த புழுவுக்கு ஊட்டுகிறது. இரண்டு வாரம் கூட்டில் புழுவே இல்லாமல் செய்துவிட்டால் ஈக்கள் அறைகளைத் துடைத்துப்போடும், சங்கிலி அறும். ராணியைக் கொன்றாலும் அதே பலன்தான், வேலை சுளுவு. அதனால் பலரும் நசுக்கினார்கள், மாமா உட்பட. கூண்டில் போட்டால் தவறாமல் திறந்துவிட வேண்டும், அதற்குள் ஈ கூட்டை விட்டுப் போகாமல் பாகு வைத்துக் காக்க வேண்டும்.

“தொறந்துவிட்டதை எழுதல்லியே மாமா. அந்த வாரம் காய்ச்சல்.”

“காய்ச்சலோட போயித் தொறந்திருப்பான். எழுதத்தான் கையி வந்திருக்காது.” பிறகு, “ஒனக்க அப்பன் கொல்லமாட்டான் மக்ளே. எனக்கு அறியும். நீ கூண்டுன்னே எழுது.”

அந்தக் கடைசிப் பேச்சை ஜெயா கணக்கில் சேர்க்கவில்லை. நாள்கணக்கு போதுமானதாக இருந்தது. அறுபத்தோரு பெட்டியை எரித்தவர் எதைக் கொல்லுவார், எதைக் கொல்லமாட்டார் என்பதற்கு டைரியில் வரி இல்லை.

இரவு வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தாள். ‘9ஆம் பெட்டி. ராணி அறை இல்லை. ராணி [கூண்டில?] பார்க்கணும்.’ கேள்விக்குறியை எடுக்கலாமா என்று விரல் ஒரு முறை போனது. நாள்கணக்கு ராணி உயிரோடிருந்ததைச் சொல்கிறது. தாளில் எத்தனை சுழி இருந்தது என்பதைச் சொல்லவில்லை. விட்டுவிட்டாள். பக்கத்தின் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தாள்: சொல் பாகில் கரைந்தது, மாசி 20, 27 பதிவுகளைக் கொண்டு வாசிக்கப்பட்டது.

தம்பிக்குப் பக்கத்தை அனுப்பினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. “அப்ப அன்னைக்கு நீ கேட்டப்ப, ஒரு ராணி உயிரோட இருந்திருக்கு.”

“நான் கேட்டது கார்த்திகையில. இது மாசி.”

பக்கத்தைத் திருப்பி அடுத்த பதிவைத் தட்டத் தொடங்கினாள். மாசி 28. ௸ பெட்டி. ரப்பர் தளிர் விட்டாச்சு. சட்டம் ரெண்டு கூடுதல் வச்சேன்.