பாடக்குறிப்பு: ஒரு பத்திக்கு ஒரு பொருள்

வகுப்பு: எட்டாம் வகுப்பு, தமிழ்
பள்ளி: கடலூர் முதுநகரை அடுத்த அரசு உயர்நிலைப் பள்ளி
மாணவர்கள்: 38 பேர்
நேரம்: மூன்று பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். செவ்வாய் அடுத்தடுத்து இரண்டு, வியாழன் ஒன்று. ஜூலை மூன்றாம் வாரம்.

ஏன் இந்தப் பாடம்

நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதத் தெரியும். குறிப்புச்சட்டகம் கொடுத்தால் முன்னுரை, முடிவுரை, நடுவே நான்கு துணைத்தலைப்புகள் என்று இரண்டு பக்கம் நிரப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு துணைத்தலைப்பின் கீழ் இருக்கும் ஆறு வரியை மட்டும் எடுத்துப் படித்தால், முதல் வரி மழையைப் பற்றியும் மூன்றாம் வரி மரம் நடுவதைப் பற்றியும் ஐந்தாம் வரி அரசின் கடமையைப் பற்றியும் பேசும். கடைசியில் ஒரு குறளோ பழமொழியோ வந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் வாக்கியங்களில் குற்றம் இல்லை, ஆனால் அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

பத்தி எழுதுவதில் கடினமான வேலை, நல்ல வாக்கியம் ஒன்றைப் பார்த்து ‘நீ இங்கே வேண்டாம்’ என்று சொல்வதுதான். இந்த மூன்று பாடவேளைகளும் அதற்காகவே.

மாணவர் அடைய வேண்டியவை

ஒரு பத்தியைப் படித்து அதன் முதன்மை வாக்கியம் எது, மற்றவை அதற்கு என்ன செய்கின்றன என்று சொல்ல வேண்டும். பத்திக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கண்டுபிடித்துக் காரணமும் கூற வேண்டும். தாம் அறிந்த பொருளில், ஐந்து முதல் ஏழு வாக்கியம் கொண்ட ஒரு பத்தியைத் தாமே எழுதித் திருத்த வேண்டும்.

தேவையானவை

மாதிரிப் பத்தி எழுதிய சார்ட் தாள். அதே பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டிப் போட்ட உறைகள் எட்டு. வண்ணச் சாக்கட்டிகள். கரும்பலகையின் வலப்பக்கம் ஒரு கட்டம் வரைந்து ‘காத்திருப்பு’ என்று தலைப்பிட வேண்டும். வியாழன்வரை அதை யாரும் துடைக்கக் கூடாது என்று வகுப்புத் தலைவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

முதல் பாடவேளை: மாதிரியைப் பிரித்துப் பார்த்தல்

தொடக்கத்தில் சார்ட்டைக் காட்ட வேண்டாம். உறைகளை முதலில் கொடுக்க வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஓர் உறை. உள்ளே கலைந்து கிடக்கும் வாக்கியத் தாள்கள் எட்டு. ‘இவற்றை வரிசைப்படுத்துங்கள். ஒரு தாள் மட்டும் தவறான வீட்டுக்கு வந்துவிட்டது. அது எது என்றும் சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு நிமிடம்.

சரியான வரிசையில் பத்தி இது:

> தானே புயல் ஒரே காலையில் பண்ருட்டிப் பகுதி உழவர்களின் பல ஆண்டு உழைப்பைப் பறித்துக்கொண்டது. 2011 டிசம்பர் 30 அன்று அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, முந்திரி மரங்களும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. நெல் அழிந்திருந்தால் அடுத்த பருவத்தில் மறுபடி விதைத்திருக்கலாம். ஆனால் முந்திரிக் கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். விதையிட்டு வளர்க்கும் பலாவுக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். அதனால் அந்த ஆண்டின் வருமானத்தோடு, அடுத்த பல ஆண்டுகளின் வருமானமும் ஒரே நாளில் நின்றுபோனது. வயலில் சாய்ந்த பயிரை உழுதுவிடலாம், மரம் சாய்ந்த தோப்பில் காத்திருக்கத்தான் வேண்டும்.

எட்டாவது தாள்: ‘பண்ருட்டிப் பலாச்சுளை தேன் போல இனிக்கும்.’

பெரும்பாலான குழுக்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உண்மையான வாக்கியம், அழகான வாக்கியம், ஊர்ப் பெருமை வேறு. அதை இரண்டாம் வாக்கியத்துக்குப் பின்னால் செருகிப் படித்துக் காட்டுவார்கள். உடனே ‘தவறு’ என்று சொல்ல வேண்டாம். செருகியபடியே ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லி, ‘மரம் சாய்ந்து கிடக்கிறது. அங்கே நின்று சுளையின் இனிப்பைப் பேசுகிறோம். அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்க வேண்டும். பிறகு அவர்களே அந்தத் தாளை எடுத்துவிடுவார்கள். எடுத்த தாளைக் குப்பையில் போடாமல் காத்திருப்புக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். ‘இந்த வாக்கியத்தில் குறை இல்லை, இதற்கு வேறொரு பத்தி காத்திருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தவறினால், தான் எழுதியதை வெட்டுவது தண்டனை என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

இப்போது சார்ட்டைத் தொங்கவிட்டுப் பத்தியைப் பிரிக்கலாம். முதல் வாக்கியத்தைச் சிவப்புச் சாக்கால் சுற்றி, ‘இந்தப் பத்தி சொல்ல வந்தது இது’ என்று குறிக்க வேண்டும். இதுவே முதன்மை வாக்கியம். அதில் ‘புயல் வந்தது’ என்ற செய்தியோடு ஒரு கூற்றும் இருப்பதைக் கவனிக்கச் செய்ய வேண்டும்: ‘பல ஆண்டு உழைப்பை’. ஏன் பல ஆண்டு என்ற கேள்வி எழுகிறது அல்லவா? அடுத்த நான்கு வாக்கியங்களும் அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்கின்றன. ‘புயல் 2011இல் வந்தது’ என்று தொடங்கியிருந்தால் எந்தக் கேள்வியும் எழாது, பத்தியும் நகராது. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம், பத்து நிமிடம் போனாலும் போகட்டும்.

பிறகு ‘ஆனால்’, ‘அதனால்’ இரண்டையும் மஞ்சளால் கோடிட வேண்டும். நெல்லை எதற்குக் கொண்டுவந்தோம்? ‘ஆனால்’ என்று சொல்லி மரத்தின் இழப்பைப் பெரிதாகக் காட்டுவதற்காக. ‘ஆனால்’ இருந்த இடத்தில் ‘மேலும்’ வைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னால், பொருள் குலைவது அவர்கள் காதுக்கே தெரியும். எல்லா இடத்திலும் ‘மேலும்’ போடும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை.

கடைசி வாக்கியம் நிறைவு வாக்கியம். பழமொழியோ அறிவுரையோ இல்லாமல், பத்திக்குள் இருந்த வயலையும் தோப்பையும் கொண்டே பத்தி முடிகிறது என்பதை மட்டும் காட்டினால் போதும்.

இரண்டாம் பாடவேளை: சேர்ந்து எழுதுதல்

பொருள்: மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இது சோற்றுப் பிரச்சினை. ஆசிரியரைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்த பொருளாக இருப்பது சேர்ந்து எழுதுவதற்கு மிகவும் நல்லது. சாக்கட்டி ஆசிரியர் கையில், வாக்கியங்கள் மாணவர் வாயில். வீட்டில் பேசுவது போலவே சொல்லட்டும். எழுத்து வழக்குக்கு மாற்றுவதைப் பலகையில் எல்லோரும் பார்க்கச் செய்யலாம்.

முதல் எட்டு நிமிடம் தெரிந்தவற்றை எல்லாம் கொட்டச் சொல்ல வேண்டும். எதிர்பார்ப்பவை: விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலையைச் சரிசெய்வார்கள். படகுக்கு வண்ணம் பூசுவார்கள். மீன் விலை ஏறும். அரசு நிவாரணத் தொகை தரும். நாட்டுப்படகுகள் மட்டும் போகும். விடுமுறையில் வெள்ளிக் கடற்கரையில் கூட்டம் இருக்கும்.

‘இத்தனையும் ஒரு பத்தியில் கொள்ளுமா? இவற்றில் எதைச் சொல்லப் போகிறோம்?’ இந்தக் கேள்விக்குப் பின் அமைதி வரும். அதை நாம் நிரப்பக் கூடாது. யாராவது ஒருவர் ‘தடைக்காலத்தில் வேலை இல்லை’ என்பார். படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று கட்டாயம் மறுக்கும். அந்த மறுப்பே நம் முதன்மை வாக்கியம். மறுக்க யாரும் எழாவிட்டால், ‘வண்ணம் பூசுவது வேலை இல்லையா?’ என்று கேட்டால் போதும்.

பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த முதல் வாக்கியத்தின் முன் நிறுத்தி, ‘இது வேலையைப் பற்றியதா?’ என்று கேட்க வேண்டும். மீன் விலை, நிவாரணத் தொகை, கடற்கரைக் கூட்டம் மூன்றும் காத்திருப்புக் கட்டத்துக்குப் போகும். நிவாரணத் தொகையை அனுப்பும்போது கவனம் தேவை. அதைச் சொன்ன பிள்ளைக்கு அது பெரிய செய்தி. கட்டத்தில் அதை முதலாவதாக, பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

எழுதியதை டஸ்டரால் அழிக்காமல், குறுக்குக் கோடு போட்டு மேலே திருத்த வேண்டும். நம் கையும் தடுமாறுகிறது, நாமும் மாற்றி எழுதுகிறோம் என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். நம் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘படகை இழுத்து, கரையில் ஏற்றி, சுரண்டி, வண்ணம் பூசி, காயவைத்து’ என்று வினையெச்சத்தால் கோத்துக்கொண்டே போனால் முற்றுப்புள்ளிக்கு இடமே இருக்காது. அப்படி ஒரு வாக்கியம் கட்டாயம் வரும். அதை முழுவதும் எழுதிவிட்டு, ‘மூச்சு எங்கே வாங்குவது?’ என்று கேட்டு, இரண்டாக உடைக்க வேண்டும்.

பத்தி ஏறக்குறைய இப்படி முடியும்:

> தடைக்காலத்தில் கடலூர்த் துறைமுகத்தில் வேலை ஓய்வதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் அந்த நாள்களில்தான் படகை நிறுத்திப் பழுதுபார்க்க முடிகிறது. சிலர் பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுகிறார்கள். சிலர் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிழல் விழும் இடமெல்லாம் பெரியவர்கள் கிழிந்த வலையை விரித்துவைத்துச் சரிசெய்கிறார்கள். ஜூன் 14 இரவுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

நம் பத்தி இதைப் போலவே வர வேண்டும் என்பதில்லை. மாணவர் சொன்னது இதைவிடக் கரடுமுரடாக இருந்தால் அதுவே பலகையில் நிற்கட்டும். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம்.

மூன்றாம் பாடவேளை: தாமே எழுதுதல்

பொருளைக் காத்திருப்புக் கட்டத்திலிருந்து எடுக்கலாம். பலாச்சுளை, மீன் விலை, நிவாரணத் தொகை, வெள்ளிக் கடற்கரைக் கூட்டம் எல்லாம் அங்கே இருக்கின்றன. செவ்வாயன்று வெளியே போன வாக்கியம் வியாழனன்று இன்னொரு பத்தியின் தலையில் உட்காரும். வேறு பொருள் வேண்டுவோர், தாம் நன்கு அறிந்த ஒரு வேலையைப் பற்றி எழுதலாம்: முந்திரி உடைப்பது, கருவாடு காயவைப்பது, இட்லிக் கடை நடத்துவது.

எழுதும் முன், பக்கத்தில் இருப்பவரிடம் முதன்மை வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கேட்டவருக்கு ‘ஏன்?’ என்றோ ‘எப்படி?’ என்றோ கேட்கத் தோன்றினால் எழுதத் தொடங்கலாம். தோன்றாவிட்டால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். எழுத இருபது நிமிடம். அந்த நேரத்தில் எழுத்துப்பிழைக்கு நான் கை நீட்ட மாட்டேன். ல, ழ, ள குழப்பங்களும் ஒற்றுப்பிழைகளும் படி எடுக்கும்போது சரியாகும்.

எழுதத் தயங்கும் ஆறேழு பேருக்குத் தனி ஏற்பாடு: அவர்கள் தம் பத்தியை என்னிடம் வாய்விட்டு ஒரு முறை சொல்வார்கள். சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் நான் அவர்கள் நோட்டில் எழுதித் தருவேன், மீதி அவர்கள் கையெழுத்தில். விரைவாக முடித்தவர்கள் காத்திருப்புக் கட்டத்திலிருந்து இன்னொரு வாக்கியத்தை எடுத்து இரண்டாம் பத்தி தொடங்கலாம்.

திருத்தம் இணையாக நடக்கும். நோட்டை மாற்றிக்கொண்டு, முதல் வாக்கியத்தைக் கையால் மூடிவிட்டு மற்றதை மட்டும் படிக்க வேண்டும். மூடிய வாக்கியம் என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் ஏறக்குறைய சரியானால் பத்தி நிற்கிறது. சரியாகவில்லை என்றால் வழி தவறிய வாக்கியத்தை இருவரும் சேர்ந்து தேடி, பென்சிலால் கோடு போட வேண்டும்.

மதிப்பீடு

மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு நோட்டிலும் மூன்றை மட்டும் பார்ப்பேன்: முதல் வாக்கியம் எதையாவது கூறுகிறதா, மற்ற வாக்கியங்கள் அதற்கு உழைக்கின்றனவா, எழுதிய பின் ஒரு வாக்கியமாவது வெட்டப்பட்டிருக்கிறதா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் அந்தக் கோட்டின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

வீட்டுப்பாடம்

பத்தியைப் படி எடுத்து, வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ‘இதில் நான் என்ன சொல்லியிருக்கிறேன்?’ என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அவர் சொன்னபடியே பத்தியின் கீழ் ஒரே வரியில் எழுதி, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும்.